பிக்சலுக்குள் அடங்கும் முடி

அந்தப் பெண் கதாபாத்திரத்துக்கு இடுப்பு வரை நீளும் கருங்கூந்தல் வைத்திருந்தோம். முகத்தருகே கேமராவைக் கொண்டுபோனால் காதோரம் சுருண்டு கிடக்கும் குட்டி முடிகள்கூடத் தெரியும். மூன்று வார வேலை அது. பிறகு ஒருநாள் அவளை விளையாட்டுக்குள் கொண்டுபோய் ஒரு தெருவில் நடக்கவிட்டோம். பத்தடி தள்ளிப் போனதும் கூந்தல் சற்று மெலிந்தது. முப்பதடியில் வகிடு அகன்று தலைத்தோல் தெரிந்தது. தெருக்கோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் ஏறக்குறைய மொட்டையாகிவிட்டாள். திரும்பிக் கேமராவை நோக்கி நடந்து வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் முடி மறுபடி முளைத்துக்கொண்டே வந்தது.

"மாடல்ல முடி இருக்கு, டெக்ஸ்சர்ல முடி இருக்கு, திரையில மட்டும் காணோமே அண்ணே" என்றேன், பக்கத்து மேசையில் இருந்த மூத்த கலைஞரிடம்.

அவர் எழுந்துகூட வரவில்லை. "முடி எங்கயும் போகல தம்பி. நாமதான் அதைச் சராசரி எடுத்துட்டோம்" என்றார்.

அந்த ஒற்றை வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. கணினி விளையாட்டுகளில் முடி ஏன் இவ்வளவு காலம் பிளாஸ்டிக் தொப்பி போலத் தெரிந்தது, இன்று ஏன் பரவாயில்லை, இன்னும் எங்கே சறுக்குகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது.

முடியின் பருமன், திரையின் கட்டம்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மனிதத் தலைமுடியின் தடிமன் ஆளுக்கு ஆள் மாறும், சராசரியாக 0.07 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தலையில் ஏறத்தாழ 1,00,000 முடிகள் இருக்கும். திரை என்பது சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டம் ஒரு பிக்சல். சாதாரண முழு ஹெச்டி திரையில் மேலிருந்து கீழாக 1,080 பிக்சல்கள் உண்டு.

கழுத்திலிருந்து உச்சி வரை 30 சென்டிமீட்டர் உள்ள ஒரு தலை, திரையை மேலிருந்து கீழ்வரை நிறைத்து நிற்கிறது என்று கொள்ளுங்கள். அப்போது ஒரு பிக்சலுக்குள் 0.28 மில்லிமீட்டர் அடங்கும். அதாவது இவ்வளவு நெருக்கத்தில் பார்க்கும்போதும் ஒரு முடி, ஒரு பிக்சலின் அகலத்தில் கால்வாசிதான். அதே ஆள் 170 சென்டிமீட்டர் உயரத்தோடு முழு உருவமாகத் திரையை நிறைத்தால் ஒரு பிக்சலுக்குள் 1.57 மில்லிமீட்டர் அடங்கும். பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் அதற்குள் 22 முடிகள் கொள்ளும்.

ஒரு பிக்சலால் ஒரே ஒரு நிறத்தைத்தான் காட்ட முடியும். ஆகவே கணினி ஒவ்வொரு பிக்சலிலும் கேட்டாக வேண்டிய கேள்வி, "இந்தக் கட்டத்தில் எத்தனை பங்கு முடி, எத்தனை பங்கு பின்னால் உள்ள தோல் அல்லது வானம்?" என்பது. பதில் எப்போதும் ஒரு பின்னமாகத்தான் இருக்கும். கால், முக்கால், பத்தில் மூன்று என்று. அந்தப் பின்னத்தை "உண்டு" அல்லது "இல்லை" என்று முரட்டுத்தனமாக முடித்துவைக்கும் இடத்தில்தான் முடி கெட்டுப்போகிறது.

அட்டையில் ஒட்டிய முடி

லட்சம் முடிகளைத் தனித்தனியே வரைய விளையாட்டுக்கு நேரம் கிடையாது. வினாடிக்கு 60 படங்கள் ஓட வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிவினாடி. அதற்குள் தெரு, மரம், மழை, எதிரிகள், நிழல் எல்லாம் வரைந்தாக வேண்டும். எனவே இந்தத் துறை நீண்ட காலமாகக் கையாளும் வழி ஹேர் கார்டு. கார்டு என்றால் மெல்லிய, வளைந்த ஒரு நாடா. கனமே இல்லாத, சில முக்கோணங்களால் ஆன ஒரு பட்டை. அதன்மேல் முப்பது நாற்பது முடிகள் சேர்ந்த ஒரு கற்றையின் படத்தை ஒட்டுகிறோம். இந்தப் படத்துக்குத்தான் டெக்ஸ்சர் என்று பெயர். அதில் நிறத்தோடு இன்னொரு எண்ணும் ஒவ்வொரு புள்ளியிலும் இருக்கும். அது ஆல்ஃபா. முடி இருக்கும் இடத்தில் 1, வெற்றிடத்தில் 0, ஓரத்தில் இடைப்பட்ட மதிப்பு.

கலைஞர் இந்த நாடாக்களைத் தலையில் அடுக்கும் முறை பூ தொடுப்பது போன்றது. அடியில் தலைத்தோலை மறைக்கும் அடர்ந்த அடுக்கு. அதன்மேல் கூந்தலின் உருவத்தைக் கொடுக்கும் நடு அடுக்கு. கடைசியாக, காற்றில் பிரிந்து நிற்கும் ஒன்றிரண்டு முடிகளைக் கொண்ட மெல்லிய மேலடுக்கு. நாடாக்கள் சில நூறு இருக்கும்; முக்கோணங்கள் சில ஆயிரத்திலிருந்து சில பத்தாயிரம் வரை போகும். பக்கத்தில் போய் ஓரமாக எட்டிப் பார்த்தால் நாடா காகிதம் போல் மெலிந்து தெரியும். அதனால் நல்ல கலைஞர் ஒவ்வொரு நாடாவையும் சற்றே முறுக்கி, எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அகலம் தெரியும்படி வைப்பார்.

இனி ஆல்ஃபாவைத் திரைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். முதல் வழி கலத்தல். ஆல்ஃபா 0.3 என்றால் முடியின் நிறத்தில் மூன்று பங்கும் பின்னால் இருப்பதில் ஏழு பங்கும் சேர்த்துப் பூசு. மென்மையாக, அழகாக வரும். ஆனால் இதற்கு ஒரு கட்டாயம் உண்டு. பின்னால் இருப்பதை முதலில் வரைந்து, முன்னால் இருப்பதைக் கடைசியில் வரைய வேண்டும். கண்ணாடிக் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போது வரிசை மாறினால் நிறம் மாறுவதைப் போல, இங்கும் வரிசை தப்பினால் படம் தப்பு. ஒன்றையொன்று ஊடுருவிப் பின்னிக் கிடக்கும் நானூறு நாடாக்களில் எது முன், எது பின் என்று யார் சொல்வது? தலை திரும்பும் ஒவ்வொரு நொடியும் அந்த வரிசை மாறிக்கொண்டே இருக்கும். வரிசை தப்பிய கூந்தலில் பின்மண்டை முடி நெற்றி முடிக்கு முன்னால் துள்ளி வந்து நிற்பதைப் பார்க்கலாம்.

இரண்டாவது வழி சோதித்தல். இதுதான் ஆல்ஃபா டெஸ்ட். ஒரு வரம்பை வைத்துக்கொள், உதாரணமாக 0.5. ஆல்ஃபா அதற்குக் குறைவாக இருந்தால் அந்தப் புள்ளியை எறிந்துவிடு; இல்லையென்றால் முழுமையாக வரை. முழுமையாக வரைவதால் அதன் தூரத்தையும் கணினி குறித்துக்கொள்ளும். முன்னால் இருப்பது தானாகவே பின்னால் இருப்பதை மறைத்துவிடும். வரிசைத் தொல்லை அடியோடு ஒழிகிறது. அதற்கு நாம் கொடுக்கும் விலை அந்தப் பின்னம். 0.51 முழு முடியாகிவிடுகிறது, 0.49 ஒன்றுமே இல்லாமல் போய்விடுகிறது.

பக்கத்திலிருந்து பார்க்கும்போது இந்த விலை சின்னது. ஓரங்கள் கொஞ்சம் பல் பல்லாகத் தெரியும், அவ்வளவே. தூரம் கூடும்போதுதான் பெரிய செலவு வருகிறது.

மொட்டையான கதை

தூரத்தில் தெரியும் பொருளுக்குப் பெரிய டெக்ஸ்சர் தேவையில்லை. எனவே கணினி அதே படத்தைப் பாதியாக, காலாக, அரைக்காலாகச் சுருக்கி முன்கூட்டியே வைத்துக்கொள்ளும். இந்த அடுக்குக்கு மிப்மேப் என்று பெயர். ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் பக்கத்துப் புள்ளிகளைச் சராசரி எடுக்கும். மூத்தவர் சொன்ன சராசரி இதுதான்.

நாடாவின் குறுக்கே ஒரே ஒரு வரிசையை எடுத்து எட்டுப் புள்ளிகளின் ஆல்ஃபாவைப் பார்ப்போம்.

```
0.9  0  0.6  0  1  0.8  0  0
```

வரம்பு 0.5. தேறுபவை 0.9, 0.6, 1, 0.8 என நான்கு. எட்டில் நான்கு என்றால் பாதி இடம் முடி. இப்போது இரண்டிரண்டாகச் சராசரி எடுத்து ஒரு படி சுருக்குவோம்.

```
0.45  0.3  0.9  0
```

இதில் தேறுவது 0.9 மட்டும். நான்கில் ஒன்று. பாதியாக இருந்த முடி காலாகிவிட்டது. இன்னொரு படி சுருக்குவோம்.

```
0.375  0.45
```

ஒன்றுமே தேறவில்லை. முடி முழுவதும் போய்விட்டது. சராசரி எடுத்ததில் பிழை ஏதுமில்லை என்பதைக் கவனியுங்கள். மூன்று வரிசைகளிலும் மொத்தச் சராசரி ஏறத்தாழ 0.41 என்ற ஒரே எண்தான். "இந்த இடத்தில் ஐந்தில் இரண்டு பங்கு முடி இருக்கிறது" என்று டெக்ஸ்சர் உண்மையைத்தான் சொல்கிறது. "பாதிக்குக் குறைவு, ஆகவே இல்லை" என்று தீர்ப்பு எழுதுவது அந்த 0.5 வரம்பு. எங்கள் பெண் தெருக்கோடியில் மொட்டையானது இப்படித்தான்.

வரம்பைக் குறைத்தால் என்ன என்று முதலில் தோன்றும். நானும் 0.2 வரை குறைத்துப் பார்த்தேன். தூரத்தில் முடி வந்தது. பக்கத்தில் ஒவ்வொரு முடியும் கயிறாகத் தடித்துவிட்டது. ஒரே வரம்பு இரண்டு தூரங்களுக்கும் ஒத்துவராது.

சரியான மருந்தை இக்னாசியோ கஸ்தானோ என்ற கிராஃபிக்ஸ் பொறியாளர் தி விட்னஸ் விளையாட்டுக்காக வேலை செய்தபோது விளக்கி எழுதினார். ஒவ்வொரு படி சுருக்கியதும், மூலப் படத்தில் எத்தனை பங்கு தேறியதோ அத்தனை பங்கு இங்கும் தேறும்வரை ஆல்ஃபாவை ஒரு எண்ணால் பெருக்கு என்பதே அது. நம் வரிசையில் செய்து பார்ப்போம். இரண்டாம் வரிசையை 1.2ஆல் பெருக்கினால் 0.54, 0.36, 1, 0. தேறுபவை இரண்டு, நான்கில் பாதி. மூன்றாம் வரிசையையும் 1.2ஆல் பெருக்கினால் 0.45, 0.54. தேறுவது ஒன்று, இரண்டில் பாதி. எல்லாத் தூரத்திலும் பாதி இடம் முடியாகவே நிற்கிறது. இங்கே இரண்டு படிக்கும் ஒரே எண் ஒத்துவந்தது; நிஜ டெக்ஸ்சரில் ஒவ்வொரு படிக்கும் தனி எண்ணைத் தேட வேண்டும். டெக்ஸ்சரைத் தயாரிக்கும்போது ஒருமுறை செய்தால் போதும், விளையாட்டு ஓடும்போது ஒரு துளி நேரமும் செலவாகாது. இதைச் செய்த அன்று எங்கள் பெண் தெருக்கோடியிலும் கூந்தலோடு நடந்தாள்.

ஆனால் இது மொத்த அளவைத்தான் காப்பாற்றுகிறது, உருவத்தைக் காப்பாற்றவில்லை. தூரத்தில் நுண்ணிய முடிகளுக்குப் பதில் சில தடித்த திட்டுகள் தெரியும். கேமரா நகர்ந்தால் அவை மினுமினுக்கும். ஆகவே "உண்டு, இல்லை" என்ற தீர்ப்பையே மென்மையாக்கும் வழிகளும் வந்தன. ஒரு பிக்சலுக்குள் நான்கு இடங்களில் சோதித்து, ஆல்ஃபாவுக்கு ஏற்ப அவற்றில் ஒன்றையோ இரண்டையோ மூன்றையோ நிரப்புவது ஒரு வழி. இரண்டே நிலைகள் இருந்த இடத்தில் ஐந்து நிலைகள் கிடைக்கும். இன்று அதிகம் புழங்குவது வேறொன்று. வரம்பை ஒரே எண்ணாக வைக்காமல் பிக்சலுக்குப் பிக்சல், படத்துக்குப் படம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஆல்ஃபா 0.3 உள்ள புள்ளி பத்துப் படங்களில் ஏறக்குறைய மூன்றில் தேறும். அடுத்தடுத்த படங்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கும்போது கண்ணுக்கு 0.3 ஆகவே தெரியும். தொலைந்த பின்னத்தைக் காலத்திலிருந்து மீட்டெடுக்கிறோம்.

இதன் குறையையும் நீங்களே கண்டுபிடிக்கலாம். கதாபாத்திரம் அசையாமல் நிற்கும்போது கூந்தல் பட்டுப் போல இருக்கும். சட்டென்று தலையைத் திருப்பினால் ஓரத்தில் மணல் தூவியது போல் புள்ளிகள் தெரியும். பழைய படங்களோடு சேர்த்துச் சராசரி எடுக்கக் கணினிக்கு அந்தக் கணத்தில் வழியில்லை என்பதே காரணம்.

ஒவ்வொரு இழையாக

சினிமா இந்தச் சங்கடத்தில் முன்பே வேறு பாதையில் போய்விட்டது. 2001இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி படத்தின் நாயகி அகி ராஸின் தலையில் ஏறத்தாழ 60,000 முடிகள் தனித்தனியாக வடிக்கப்பட்டன. ஒரு படச்சட்டத்தை உருவாக்க எவ்வளவு நேரம் ஆனாலும் சினிமா காத்திருக்கும். விளையாட்டு காத்திருக்காது.

விளையாட்டில் இந்தக் கதவைத் திறந்தது 2013இல் வந்த டோம்ப் ரைடர். ஏஎம்டி நிறுவனம் உருவாக்கிய டிரஸ்எஃப்எக்ஸ் என்ற முறையில் லாரா கிராஃப்டின் குதிரைவால் கூந்தல் ஆயிரக்கணக்கான இழைகளாக, காற்றிலும் மழையிலும் தனித்தனியே அசைந்தது. இழை என்பது இங்கே ஒரு வளைகோடு; வரிசையாகச் சில புள்ளிகள், அவற்றை இணைக்கும் துண்டுகள். வரையும் நேரத்தில் ஒவ்வொரு துண்டும் கேமராவைப் பார்த்த ஒரு மெல்லிய பட்டையாக மாறும். நாடாவில் இல்லாத பெரிய நன்மை இது. எந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலும் காகிதம் போல் மெலிந்து தெரியாது. வகிடு உண்மையான வகிடாக இருக்கும். கூந்தல் தோளில் விழுந்து பிரியும்.

கணக்கு மட்டும் கனக்கும். 1,00,000 இழைகள், இழைக்கு 16 துண்டுகள் என்றால் 16 லட்சம் துண்டுகள். துண்டுக்கு இரண்டு முக்கோணங்கள் என்றால் 32 லட்சம். கார்டு முறையில் முழுத் தலைக்கும் சில பத்தாயிரம் போதும் என்பதை நினைத்துப் பாருங்கள். அதனால் இழைகள் அத்தனையையும் இயற்பியல் விதிப்படி அசைப்பதில்லை. சில நூறு வழிகாட்டி இழைகளை மட்டும் அசைத்து, மற்றவற்றை அவற்றின் பின்னால் போகவிடுவார்கள்.

இழைக்கு மாறிவிட்டதால் பழைய தொல்லை தீர்ந்தது என்று எண்ணினால் ஏமாற்றம்தான். இழையும் பிக்சலில் கால்வாசிதான். பிக்சலின் நடுப்புள்ளியை இழை தொட்டால் உண்டு, தொடாவிட்டால் இல்லை என்று கணினி முடிவு செய்தால் ஒரே முடி புள்ளி புள்ளியாக அறுந்து தெரியும். தலை அசைந்தால் அந்தப் புள்ளிகள் ஊரும். முன்கதவால் வெளியே அனுப்பிய "உண்டு, இல்லை" பின்கதவால் உள்ளே வந்துவிட்டது.

2015இல் வந்த தி விட்சர் 3 இதற்கு நல்ல சான்று. என்விடியாவின் ஹேர்வொர்க்ஸ் முறையில் கெரால்ட்டின் தலைமுடியும் மிருகங்களின் ரோமமும் இழைகளாக வரையப்பட்டன. அதை இயக்கினால் படங்களின் வேகம் வெகுவாக விழுந்தது. விளையாட்டின் `rendering.ini` கோப்பைத் திறந்து பார்த்தவர்கள் காரணத்தில் ஒரு பகுதியை அங்கேயே கண்டார்கள்.

```
HairWorksAALevel=8
```

அதாவது முடிக்காக மட்டும் ஒரு பிக்சலில் 8 இடங்களில் சோதனை. நம் கணக்குப்படி கால் பிக்சல் அகலமுள்ள முடி அந்த எட்டில் இரண்டைத்தான் தொடும். ஒரே இடத்தில் சோதித்திருந்தால் நான்கு முறைக்கு மூன்று முறை தவறிப்போயிருக்கும். எட்டு என்பது ஆடம்பரமாகத் தெரியலாம். பின்னத்தைப் பிடிக்க அவர்கள் கொடுத்த விலை அது. பலர் அந்த எண்ணை 4 என்றும் 2 என்றும் குறைத்து வேகத்தை மீட்டார்கள். முடியோரம் அதற்கேற்பக் கரடானது.

இன்னொரு வழி, இழையைக் குறைந்தது ஒரு பிக்சல் அகலத்துக்குத் தடிக்கச் செய்து, எத்தனை மடங்கு தடித்ததோ அத்தனை மடங்கு ஆல்ஃபாவைக் குறைப்பது. கால் பிக்சல் முடி ஒரு பிக்சலாகும், ஆல்ஃபா 0.25 ஆகும். அறுபடாத கோடு கிடைக்கும். ஆனால் ஆல்ஃபா வந்துவிட்டது என்றால் வரிசையும் வந்துவிடும். டிரஸ்எஃப்எக்ஸ் ஒவ்வொரு பிக்சலிலும் விழுந்த முடித் துணுக்குகளை ஒரு பட்டியலாகச் சேமித்து, கேமராவுக்கு அருகில் உள்ள சிலவற்றை மட்டும் சரியாக வரிசைப்படுத்திக் கலந்தது. ஆழத்தில் கிடப்பவற்றின் வரிசை கொஞ்சம் தப்பினாலும் கண்ணுக்குத் தெரியாது என்ற துணிவு அது.

குறுக்கே ஓடும் ஒளி

இதுவரை முடி இருக்கிறதா என்பதையே பேசினோம். இருக்கிறது என்றால் அது எப்படி மின்ன வேண்டும்?

எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய ஒரு தலையை வெயிலில் பாருங்கள். உச்சியைச் சுற்றி ஒரு வெளிச்ச வளையம் தெரியும். முடி மேலிருந்து கீழே ஓடுகிறது. ஒளியோ அதற்குக் குறுக்கே பட்டையாக நிற்கிறது. வழுக்கைத் தலையில் இந்த வளையம் வராது, ஒரு வட்டப் பொட்டுதான் வரும். எவர்சில்வர் தட்டின் அடிப்பக்கத்தில் வட்ட வட்டமாகக் கீறல் ஓடியிருக்கும். அதை வெளிச்சத்தில் சாய்த்தால் எதிரெதிரே இரண்டு விசிறிகள் மின்னும். இரண்டிலும் நடப்பது ஒன்றே. பரப்பு முழுவதும் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகளால் ஆனது என்றால் பளபளப்பு கோட்டின் திசையைப் பொறுத்து நீளும். இதற்குத்தான் அனைசோட்ரோபிக் ஹைலைட் என்று பெயர். திசைக்குத் திசை மாறும் பளபளப்பு என்று பொருள்.

1989இல் ஜேம்ஸ் கஜியாவும் திமோத்தி கேயும் ரோமம் நிறைந்த ஒரு பொம்மைக் கரடியை வரைந்து காட்டி, இதற்கான எளிய கணக்கைக் கொடுத்தார்கள். சாதாரணப் பரப்பில் "இந்த இடம் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது?" என்று கேட்போம். உருளை போன்ற முடியோ எல்லாப் பக்கமும் பார்த்திருக்கும். ஆகவே "முடி எந்தப் பக்கம் ஓடுகிறது?" என்று கேட்க வேண்டும். ஒளியின் திசைக்கும் கேமராவின் திசைக்கும் நடுவே உள்ள திசையை `H` என்றும், முடி ஓடும் திசையை `T` என்றும் வைத்துக்கொண்டால், இன்றும் விளையாட்டுகளில் புழங்கும் வடிவில் அந்தக் கணக்கு இவ்வளவுதான்:

```
float d = dot(T, H);
float s = sqrt(1.0 - d * d);
float spec = pow(s, 100.0);
```

`T`யும் `H`உம் செங்குத்தாக இருக்கும் இடத்தில் `s` 1 ஆகி ஒளி உச்சம் தொடும். முடி அங்கிருந்து 10 பாகை சாய்ந்தால் `s` 0.985 ஆகும், அதன் 100ஆம் அடுக்கு 0.22 அளவுக்கு விழும். 20 பாகையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. சுமார் 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள தலையில் 10 பாகை என்பது 1.7 சென்டிமீட்டர். ஆகவே மேலும் கீழுமாக மூன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை. பக்கத்து முடியும் அதே திசையில் ஓடுவதால் அதன் உச்சமும் அதே உயரத்தில் வரும். எல்லாம் சேர்ந்து வளையமாகிவிடும்.

கார்டு முறையில் `T` எங்கிருந்து வருகிறது? டெக்ஸ்சரில் அந்தக் கற்றை எந்தத் திசையில் வரையப்பட்டிருக்கிறதோ அதிலிருந்து. இங்கே ஒரு பிழை அடிக்கடி நேரும். இடம் மிச்சப்படுத்த யாராவது ஒரு கற்றையை டெக்ஸ்சரில் படுக்கைவாட்டில் வைத்துவிடுவார்கள். நிறமும் உருவமும் சரியாகவே வரும். ஆனால் கணினி, முடி குறுக்கே ஓடுகிறது என்று நம்பிவிடும். அந்தக் கற்றையில் மட்டும் ஒளி குறுக்கே நிற்காமல் முடியோடு சேர்ந்து நீளவாக்கில் ஓடும். கூந்தலில் வெள்ளைக் கோடு இழுத்தது போல் ஏதாவது கற்றை தனித்துத் தெரிந்தால் ஷேடரைத் திருத்தப் போகாதீர்கள். முதலில் டெக்ஸ்சரில் அதன் திசையைப் பாருங்கள். இழை முறையில் இந்தப் பிழைக்கு இடமே இல்லை. கோடு ஓடும் திசைதான் `T`.

கஜியாவும் கேயும் கொடுத்த முடி வழுவழுப்பான கம்பி போன்றது. நிஜ முடியின் மேல் ஓட்டு வீட்டுக் கூரை போலச் செதில்கள் அடுக்கியிருக்கும். அவை சுமார் 3 பாகை சாய்ந்திருக்கும். 2003இல் ஸ்டீஃபன் மார்ஷ்னரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒற்றை முடியின்மேல் ஒளியைப் பாய்ச்சி அளந்து, முடியில் ஒன்றல்ல, இரண்டு பளபளப்புகள் இருப்பதை விளக்கினார்கள். ஒன்று மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்புவது. முடி எந்த நிறமானாலும் அது விளக்கின் நிறத்தில் இருக்கும். இன்னொன்று உள்ளே நுழைந்து, பின்சுவரில் பட்டு, வெளியே வருவது. முடியின் நிறத்தைக் குடித்துக்கொண்டு வரும். செதில்களின் சாய்வால் முதலாவது நுனிப்பக்கமும் இரண்டாவது வேர்ப்பக்கமும் சற்றே நகர்ந்து நிற்கும். மறுவருடமே ஏடிஐ நிறுவனத்தின் தோர்ஸ்டன் ஷாய்யர்மான், இந்த உண்மையைப் பழைய கணக்கோடு இணைத்து ஹேர் கார்டுக்குக் கொண்டுவந்தார். `T`யைச் சற்று இப்படியும் அப்படியும் சாய்த்து இரண்டு பட்டைகள்; சாய்வைப் பிக்சலுக்குப் பிக்சல் மாற்ற ஒரு இரைச்சல் டெக்ஸ்சர். அந்த இரைச்சல் இல்லாவிட்டால் வளையம் ரிப்பன் கட்டியது போல் நேர்கோடாக இருக்கும்.

நம் ஊர்க் கூந்தலை வரைபவர்கள் மனதில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. கருமுடியில் உள்ளே போகும் ஒளியில் பெரும்பகுதியை மெலனின் விழுங்கிவிடும். எனவே இரண்டாவது பட்டை மங்கிய பழுப்பாகத்தான் மிஞ்சும். முதல் பட்டைதான் ஆளும். பொன்னிற முடிக்காக அமைத்த எண்களில் நிறத்தை மட்டும் கறுப்பாக்கினால், இரண்டாவது பட்டை தேவைக்கு மேல் ஒளிர்ந்து முடி சாம்பல் பூத்தது போலாகும். எங்கள் பெண்ணுக்கும் அதுவே நடந்தது. இரண்டாவது பட்டையின் வலிமையை வெகுவாகக் குறைத்து, முதலாவதைக் கூர்மையாக்கியதும் கூந்தலுக்கு எண்ணெய் வைத்த ஈரம் வந்தது.

எது நல்லது?

கார்டா இழையா என்று என்னிடம் கேட்டால், தூரத்தைச் சொல்லுங்கள், பதில் சொல்கிறேன் என்பேன். முகம் திரையை நிறைக்கும் காட்சிக்கு இழைக்கு ஈடில்லை. பத்தடிக்கு அப்பால், ஒரு பிக்சலுக்குள் இருபது முடிகள் அடங்கும் இடத்தில், நன்றாகத் தயாரித்த கார்டு பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த முக்கோணங்களில் அதே படத்தைக் கொடுக்கும். வசதியுள்ள இயந்திரங்களில் நாயகிக்கு இழையும் கூட்டத்துக்குக் கார்டும் வைப்பதும், நாயகியே விலகிப் போனால் கார்டுக்கு மாற்றுவதும் இன்றைய வழக்கம். கைப்பேசி விளையாட்டுகளில் பெரும்பாலும் இன்னும் கார்டுதான். ஆகவே இழை வந்துவிட்டதால் ஆல்ஃபா சோதனையின் தொல்லைகளைக் கற்கத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கூந்தல் வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். நாள் முழுவதும் நெற்றிக்கு அருகே கேமராவை வைத்துக்கொண்டு முடி அடுக்காதீர்கள். மணிக்கொருமுறை கதாபாத்திரத்தைத் தெருக்கோடிக்கு அனுப்பிப் பாருங்கள். தலையைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். விளக்கைச் சுற்றி நகர்த்தி, ஒளி முடிக்குக் குறுக்கே ஓடுகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றிலும் தேறிய கூந்தல் எங்கும் தேறும்.